வாய்விட்டு வாசித்துப் பிரதியைத் திருத்துதல்: மூச்சு, நடை, ஓசை

தமிழ் வசனத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. யார், எங்கே, எப்போது, எதை என்பவற்றையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு, என்ன நடந்தது என்பதை அறிய வாசகர் இறுதிச் சொல் வரை காத்திருக்க வேண்டும். கண்ணால் வாசிக்கும்போது இந்தக் காத்திருப்பு அவ்வளவாகத் தெரிவதில்லை. பார்வை முன்னே ஓடி வினையைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடும். வாய்க்கு அந்த வசதி இல்லை. அது ஒவ்வொரு சொல்லாகவே போக வேண்டும், நடுவில் மூச்சும் வாங்க வேண்டும். பிரதியை வாய்விட்டு வாசிக்கும்போது வெளிப்படும் குறைகளில் பெரும்பங்கு இந்த ஓர் இயல்பிலிருந்தே பிறக்கிறது.

திருகோணமலையில் எழுதப்படும் உரைநடையில் கணிசமானது, எப்படியும் ஒருநாள் யாரோ ஒருவரால் மேடையில் வாசிக்கப்படுவது: நூல் வெளியீட்டு விழாவின் நயவுரை, பாடசாலைப் பரிசளிப்பு நாள் அறிக்கை, கோயில் மலருக்கு எழுதி அதன் வெளியீட்டிலும் படிக்கப்படும் வரலாற்றுக் குறிப்பு. அத்தகைய ஒரு பந்தியை எடுத்துக்கொண்டு, அதை வாசித்துத் திருத்தும் முறையைக் கீழே படிப்படியாகத் தருகிறேன். மனத்துக்குள் மட்டும் வாசிக்கப்படும் கட்டுரைக்கும் இதே முறை பொருந்தும்.

முதலில் வரிசை. ஒரே வாசிப்பில் எல்லாக் குறைகளையும் பிடிக்க முயலக்கூடாது. முதல் வாசிப்பு மூச்சுக்கு, இரண்டாவது நடைக்கு, மூன்றாவது ஓசைக்கு. மூச்சுக் குறையைத் தீர்க்க வசனத்தை உடைக்கவோ மாற்றிக் கட்டவோ நேரும். அப்போது வசன முடிவுகள் மாறுவதால் நடையும் மாறிவிடும், பக்கத்துச் சொற்கள் மாறுவதால் ஓசையும் மாறிவிடும். இரண்டு சொற்கள் உரசுவதை முதலிலேயே சீர்செய்து வைத்தால், வசனம் உடைபடும்போது அந்த உழைப்பு வீணாகும்.

வாசிப்பதற்கு முன்

பிரதியை அச்செடுத்துக்கொள்வது நல்லது. தட்டச்சுச் செய்த அதே திரையில் வாசித்தால், எழுதியவரின் நினைவு கண்ணுக்கு முன்னே ஓடி, இல்லாத சொல்லையும் இருப்பதாகக் காட்டிவிடும். அச்செடுக்க வழியில்லையென்றால் எழுத்துருவையும் அளவையும் மாற்றி, வரிகள் வேறு இடங்களில் முறியும்படி செய்துகொண்டால் ஓரளவு பயன் கிடைக்கும். வரிகளுக்கிடையே பென்சிலால் குறியிட இடம் இருக்க வேண்டும்.

கதிரையில் நிமிர்ந்திருந்து, மேசைக்கு எதிரே அமர்ந்திருக்கும் ஒருவருக்குச் சொல்லும் அளவான குரலில் வாசிக்க வேண்டும். குரலை உயர்த்தினால் காற்று விரைவாகச் செலவாகும். பிரதியில் இல்லாத மூச்சுக் குறை இருப்பதுபோலத் தோன்றும். டச்சு வளைகுடாக் கரையிலோ உப்புவெளிக் கடற்கரையிலோ உட்கார்ந்து வாசிப்பது இனிமையாகத்தான் இருக்கும், ஆனால் அலை ஓசைக்கு மேலாகப் பேச முயன்று குரல் தானாக ஏறிவிடுவதால் இந்த வேலைக்கு அது ஏற்ற இடமன்று. மின்விசிறியை நிறுத்திய ஓர் அறை போதும். நடிப்பு வேண்டாம். நல்ல பேச்சாளர் மோசமான வசனத்தையும் ஏற்ற இறக்கத்தால் காப்பாற்றிவிடுவார். இங்கே காப்பாற்றாமல் விடுவதுதான் தேவை. செய்தி வாசிப்பவரைப் போலச் சமமாக வாசித்தால் போதும்.

கைத்தொலைபேசியில் பதிவுசெய்வதும் உதவும். வாசிக்கும்போது குறியிட நிறுத்தினால் ஓட்டம் முறிந்துவிடும் என்பதால், தடுமாறிய இடத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்துவிட்டுப் போய், பிறகு பதிவைக் கேட்டுக்கொண்டே விரிவாகக் குறித்துக்கொள்ளலாம்.

மூச்சுக்கான வாசிப்பு

மூச்சு வாங்கிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு சாய்கோடு இட வேண்டும். எங்கே வாங்க வேண்டுமென்று திட்டமிடாமல், உடல் எங்கே கேட்கிறதோ அங்கே வாங்குங்கள். பந்தி முடிந்ததும் கோடுகளின் எண்ணிக்கையை விட அவை விழுந்த இடங்களைப் பார்க்க வேண்டும்.

தமிழில் மூச்சு வாங்க இயல்பான இடங்கள் உண்டு. வினையெச்சத்தின் பின் வாங்கலாம். ‘வியாபாரிகளும், மாணவர்களும்’ என்று உம்மையால் அடுக்கப்படும் உறுப்பு ஒவ்வொன்றின் பின்னும் வாங்கலாம். காலத்தையோ இடத்தையோ சொல்லும் தொடர் முடிந்த இடத்தில் வாங்கலாம். ‘என்று’ என்பதன் பின்னும் வாங்கலாம். மூச்சு விழக்கூடாத இடங்களும் உண்டு. பெயரெச்சத்துக்கும் அது தழுவும் பெயருக்கும் இடையில், ‘வாகனங்களின்’ போன்ற ஆறாம் வேற்றுமைச் சொல்லுக்கும் அடுத்த பெயருக்கும் இடையில், முதல் வினைக்கும் துணைவினைக்கும் இடையில் மூச்சு விழுந்தால் பொருள் இரண்டாகப் பிளக்கிறது. ‘நோயாளரை ஏற்றிய’ என்று சொல்லி மூச்சு வாங்கிவிட்டு ‘வாகனம்’ என்றால், கேட்பவர் அந்த இடைவெளியில் எதற்கோ காத்துத் தொங்குகிறார். கோடு இத்தகைய இடத்தில் விழுந்திருந்தால், அதற்கு முன் எங்கோ இயல்பான இடம் ஒன்று கிடைக்காமற் போயிருக்கிறது என்று பொருள்.

வசனம் நீளமாக இருப்பது மட்டும் குறையாகாது. ‘துறையில் காத்திருந்து, பாதை வந்ததும் ஏறி, சாமான்களை ஓர் ஓரத்தில் வைத்துவிட்டு, நடுக்கடலில் காற்று வாங்கியபடி அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்’ என்ற வசனம் நீளமானதுதான். ஆனால் ஒவ்வோர் எச்சமும் ஒரு செயலை முடித்துக் கையில் கொடுத்துவிடுகிறது. எங்கே வேண்டுமானாலும் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அதில் பாதி நீளமுள்ள வசனமே பெயரெச்சத்துக்குள் பெயரெச்சமாக அடுக்கப்பட்டிருந்தால் வாசிப்பவரைத் திணறடிக்கும். ஆகவே ‘நீளமான வசனங்களை வெட்டுங்கள்’ என்ற பொது அறிவுரையை நான் ஏற்பதில்லை.

ஒரு மாதிரிப் பந்தியைப் பார்ப்போம். கிண்ணியாப் பாலத்தைப் பற்றிய குறிப்பொன்று இப்படித் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

> திருகோணமலை நகரத்திலிருந்து கிண்ணியாவுக்குப் பாதையில் சென்று வந்துகொண்டிருந்த காலத்தில் துறையில் காத்துக்கொண்டிருந்த மீன் வியாபாரிகளும் பாடசாலை மாணவர்களும் நோயாளரை ஏற்றிக்கொண்டு வந்திருந்த வாகனங்களின் சாரதிகளும் பட்டுக்கொண்டிருந்த சிரமங்களை 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் திறந்துவைக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான பாலம் முடிவுக்குக் கொண்டுவந்தது. பயணம் எளிதானது. நேரம் மிச்சமானது. செலவு குறைவானது. அக்கரை அண்மையானது.

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. கண்ணால் வாசித்தால் பொருளும் புரிந்துவிடும். வாய்விட்டு வாசித்தால் முதல் கோடு ‘காலத்தில்’ என்பதன் பின்னும், இரண்டாவது ‘மாணவர்களும்’ என்பதன் பின்னும் சுகமாக விழும். மூன்றாவது கோடுதான் நோயைக் காட்டுகிறது. பலருக்கு அது ‘வாகனங்களின்’ என்ற சொல்லின் பின் விழும், அல்லது அதைத் தாண்டி ஓடி ‘பட்டுக்கொண்டிருந்த’ என்பதன் பின் விழும். இரண்டும் மூச்சுக்கு உரிய இடங்கள் அல்ல.

இதற்குக் காரணத்தைப் பிரதியிலேயே காணலாம். முதல் வசனத்தில் 31 சொற்கள் உள்ளன. எழுவாயாகிய ‘பாலம்’ 29ஆவது சொல். அதற்கு முன் ஐந்து வினைப் பெயரெச்சங்கள் வந்து போய்விட்டன. வியாபாரிகளையும் மாணவர்களையும் கேட்டவர் அவர்கள்தான் ஏதோ செய்யப்போகிறார்கள் என்று நினைத்துக் காத்திருக்க, அவர்கள் ‘சிரமங்களை’ என்ற செயப்படுபொருளுக்கு அடைமொழியாகிவிடுகிறார்கள். வாசிப்பவரின் குரல் இந்த இடத்தில் ஏறுவதா இறங்குவதா என்று தெரியாமல் தட்டையாகும். பதிவைக் கேட்கும்போது அந்தத் தட்டையான இடத்தைக் கவனியுங்கள். காற்றுத் தீர்ந்ததால் வந்த தடுமாற்றத்தையும் பொருளின் பிடி நழுவியதால் வந்த தடுமாற்றத்தையும் அங்கேதான் பிரித்தறியலாம். காற்று மட்டும் தீர்ந்திருந்தால் மூச்சு வாங்கியதும் குரல் விட்ட இடத்திலிருந்து தெளிவாகத் தொடரும். பொருள் நழுவியிருந்தால் கண் தானாக வசனத்தின் தொடக்கத்துக்குத் திரும்பும். முன்னதற்கு ஒரு காற்புள்ளியோ சொல் இடமாற்றமோ போதும். பின்னதற்கு வசனத்தையே வேறு விதமாகக் கட்ட வேண்டும்.

கட்டும்போது, யார் என்ன செய்தார் என்பதை இயன்றவரை அருகருகே கொண்டுவர வேண்டும். பெயரெச்சத்தில் அடைபட்டிருக்கும் செயல்களில் முக்கியமானவற்றை வெளியே எடுத்து வினைமுற்றாக்குவதே இதற்கு நேரான வழி. ‘காத்துக்கொண்டிருந்த வியாபாரிகள்’ என்பதை ‘வியாபாரிகள் காத்து நின்றார்கள்’ என்று ஆக்கியதும் அவர்களுக்கென்று ஒரு வசனம் கிடைத்துவிடுகிறது. இந்த வாசிப்பின் முடிவில் பந்தி இப்படி ஆகலாம்:

> பாலம் வருவதற்கு முன்னர் திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குப் பாதையில்தான் போக வேண்டும். மீன் வியாபாரிகளும் பாடசாலை மாணவர்களும் துறையில் காத்து நின்றார்கள். நோயாளரை ஏற்றிவந்த வாகனங்களும் வரிசையில் நின்றன. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டதும் அந்தச் சிரமங்கள் முடிந்தன. பயணம் எளிதானது. நேரம் மிச்சமானது. செலவு குறைவானது. அக்கரை அண்மையானது.

‘சாரதிகள்’ போய்விட்டார்கள். அவர்களை எழுதியவர் எதற்காகக் கொண்டுவந்தார் என்று யோசித்துப் பார்த்தால், வாகனம் என்றதும் ஓட்டுநர் நினைவுக்கு வந்தது தவிர வேறு காரணம் தெரியவில்லை. மூச்சைத் திருத்தும்போது இப்படித் தேவையற்ற ஆட்கள் தாமாகவே உதிர்வது உண்டு.

நடைக்கான வாசிப்பு

இப்போது பந்தி ஓடுகிறது, ஆனால் பின்பாதி நொண்டுகிறது. முதல் வசனங்கள் ஓரளவு ஒத்த நீளத்தில் வந்தபின், நான்கு சின்ன வசனங்கள் ஒரே அளவில், ஒரே முடிவோடு விழுகின்றன: எளிதானது, மிச்சமானது, குறைவானது, அண்மையானது. எழுதும்போது இது அழகாகத் தோன்றியிருக்கும். வாசிக்கும்போது மூன்றாவது ‘ஆனது’ வந்ததும் நான்காவதும் அப்படியே வரப்போகிறது என்று காது முடிவுசெய்துவிட்டு, பொருளைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது.

நடையைச் சோதிக்க இரண்டு வேலைகள் செய்ய வேண்டும். ஒன்று, பக்கத்தின் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வசனத்தின் இறுதிச் சொல்லை மட்டும் உரக்க வாசிப்பது. நமது பந்தியில் அது ‘வேண்டும், நின்றார்கள், நின்றன, முடிந்தன, எளிதானது, மிச்சமானது, குறைவானது, அண்மையானது’ என்று வருகிறது. ஒரே நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனை, அலுவலகத் தமிழில் ஊறிய பிரதிகளில் அதிகம் பயன்படும். ‘நடத்தப்பட்டது, வழங்கப்பட்டது, கௌரவிக்கப்பட்டனர், குறிப்பிடத்தக்கது’ என்று பக்கம் முழுவதும் இறங்கும் அறிக்கைகளை எல்லோரும் மேடையில் கேட்டிருப்போம். இரண்டாவது, முழுப் பந்தியையும் வாசித்துக்கொண்டே, குரல் நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் மேசையில் விரலால் ஒருமுறை தட்டுவது. தட்டுகள் கடிகாரம்போல ஒரே இடைவெளியில் விழுந்தால் அந்தப் பகுதி சலிப்பூட்டும். நெடுநேரம் தட்டே விழாமல் போய்த் திடீரென்று அடுத்தடுத்து விழுந்தால் நடை தடுக்குகிறது.

எல்லா அடுக்கும் பிழையென்று கொள்ள வேண்டாம். மேடை உரையில் ஒரே முடிவு மூன்று முறை வருவது பொருளை ஏற்றிக்கொண்டு போகுமானால் விட்டுவிடலாம். சோதனை எளிது: அடுக்கின் வரிசையை மாற்றி வாசித்துப் பாருங்கள். மாற்றினாலும் ஒன்றும் கெடவில்லையென்றால் அடுக்கு எங்கேயும் போகவில்லை, நின்ற இடத்திலேயே நிற்கிறது. ‘செலவு, நேரம், பயணம்’ என்று நமது பந்தியை மாற்றினாலும் எதுவும் குறைவதில்லை. ஆகவே அவற்றை இணைக்கலாம்: ‘பயணம் எளிதாகி, செலவும் நேரமும் குறைந்தன.’ பயணம் எளிதானதன் விளைவுதான் மற்ற இரண்டும் என்பதும் இப்போது தெரிகிறது. ‘அக்கரை அண்மையானது’ என்பது முன்னர் சொன்னதையே மறுபடி சொல்கிறது என்பதால் அதை நீக்கிவிடலாம். ‘நின்றார்கள், நின்றன’ என்ற இரண்டையும் ஒரே வசனத்தில் அரைப்புள்ளியால் கட்டினால், முன்னே இருந்த சம நீளமும் கலைகிறது.

ஓசைக்கான வாசிப்பு

மூன்றாவது வாசிப்பை வழக்கத்தைவிடச் சற்று வேகமாகச் செய்ய வேண்டும். மெதுவாக வாசித்தால் நாக்கு எதையும் சமாளித்துவிடும்.

நமது பந்தியில் பெரிய இடறல் எழுத்தில் மறைந்திருக்கிறது. ‘396 மீற்றர்’ என்று இலக்கத்தில் எழுதும்போது அது மிகச் சிறியது. வாயில் அது ‘முந்நூற்றுத் தொண்ணூற்றாறு மீற்றர்’ ஆகிறது. மூன்று சொற்களிலும் ‘ற்ற’ வருகிறது, இரண்டாவதில் அதை ஒட்டி இன்னொரு ‘று’வும் வருகிறது. இதைத் தொடர்ந்து ‘நீளமான பாலம் திறக்கப்பட்டதும்’ என்று ஓட வேண்டியிருப்பதால் வாசிப்பவர் எண்ணிலேயே ஒருமுறை சறுக்குவார். எண்களையும் ‘கி.மீ.’ போன்ற சுருக்கங்களையும் மேடையில் ஒலிக்கும்படி விரித்து வாசிக்காமல் பிரதியைச் சோதித்ததாகச் சொல்லவே முடியாது. துல்லியம் தேவையில்லாத இடத்தில் ‘ஏறத்தாழ நானூறு மீற்றர்’ என்று எழுதிவிடலாம். வரலாற்றுக் குறிப்பில் துல்லியம் தேவைப்படுவதால், எண்ணை வசனத்தின் நடுவிலிருந்து எடுத்து, முன்னும் பின்னும் மூச்சுக்கு இடம் விட்டுத் தனியே வைப்பது நல்லது.

இன்னொரு வகை இடறல் வேற்றுமை உருபுகளால் வருகிறது. ‘கோயிலில் இல்லாத’ என்று சொல்லிப் பாருங்கள். ‘ல்’ ஒலி நாக்கில் உருண்டு, எத்தனை ‘இல்’ சொன்னோம் என்பதே குழம்பிவிடும். ‘கோயிலுக்குள் இல்லாத’ என்றோ ‘கோயிலுக்கு இல்லாத’ என்றோ பொருளுக்கேற்ப மாற்றலாம். பழைய வடிவத்தில் ‘கொண்டு’ ஐந்து முறை வந்ததையும் திரும்பிப் பாருங்கள்: வந்துகொண்டிருந்த, காத்துக்கொண்டிருந்த, ஏற்றிக்கொண்டு, பட்டுக்கொண்டிருந்த, கொண்டுவந்தது. நாம் அவற்றைத் தேடித் திருத்தவில்லை. மூச்சைத் திருத்தியபோதே ஐந்தும் போய்விட்டன. ஓசையைக் கடைசியில் வைக்கச் சொன்னதற்கு இதுவே காரணம்.

வல்லினம் மிகும் இடங்களில் வாய் நல்ல துணை. ‘அந்த சிரமங்கள்’ என்று எழுதியிருந்தாலும் நாக்கு ‘அந்தச் சிரமங்கள்’ என்றே சொல்லும். சொன்னதற்கும் எழுதியதற்கும் வேறுபாடு தெரிந்தால் அங்கே ஒற்று விடுபட்டிருக்கக்கூடும். ஆனால் எழுத்துப் பிழைகள் எல்லாவற்றையும் இப்படிப் பிடிக்க முடியாது. நகரமும் னகரமும் பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. நம்மில் பலர் ழகரத்தை ளகரமாகவே சொல்கிறோம். ‘மனம்’, ‘மணம்’ காதில் வேறுபடலாம், ‘வாழை’யும் ‘வாளை’யும் பலரது வாயில் வேறுபடுவதில்லை. எனவே எழுத்துப் பிழைக்காகக் கண்ணால் ஒரு தனி வாசிப்பு செய்தே ஆகவேண்டும்.

மூன்று வாசிப்பும் முடிந்த பந்தி:

> பாலம் வருவதற்கு முன்னர் திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குப் பாதையில்தான் போக வேண்டும். மீன் வியாபாரிகளும் பாடசாலை மாணவர்களும் துறையில் காத்து நின்றார்கள்; நோயாளரை ஏற்றிவந்த வாகனங்களும் அவர்களோடு வரிசையில் நின்றன. 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கப்பட்டதும் அந்தக் காத்திருப்பு முடிந்தது. பாலத்தின் நீளம் 396 மீற்றர். பயணம் எளிதாகி, செலவும் நேரமும் குறைந்தன.

‘சிரமங்கள்’ என்பது ‘காத்திருப்பு’ ஆனது ஓசைக்காக மட்டுமன்று. முன்னே ‘காத்து நின்றார்கள்’ என்று சொல்லியாயிற்று, அதைப் பிடித்துக்கொண்டு போவதால் வசனங்கள் கைகோத்து வருகின்றன. நீளத்தைச் சொல்லும் வசனம் பயணத்துக்கு முன் சற்றுக் குறுக்கே நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது. கடைசி வசனத்தின் பின்னே அதை வைத்துப் பார்த்தேன். பந்தி எண்ணில் முடிவது பிடிக்கவில்லை. வேறொருவர் அப்படியே முடிக்க விரும்பலாம்.

இன்னொருவர் வாசிப்பது

ஒரே இருப்பில் ஒரு பந்தியைப் பலமுறை வாசித்தால் நாக்கு அதன் குறைகளைப் பழகிக்கொண்டு, இடறாமல் தாண்டக் கற்றுவிடும். ஆகவே மூன்று வாசிப்புகளையும் வெவ்வேறு வேளைகளில் செய்வதும், இறுதியில் பிரதியை முன்னர் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வதும் தேவை. ஆசிரியராக இருக்கும் அக்காவோ பக்கத்து வீட்டு அண்ணாவோ போதும். ‘முன்கூட்டிப் பார்க்காமல் நேரே வாசியுங்கள்’ என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் வாசிக்கும்போது உங்கள் கையில் இன்னொரு பிரதி இருக்கட்டும். அவர் இடறிய இடத்தில் குறியிடுங்கள், இடையில் விளக்கம் சொல்லாதீர்கள். விளக்கத் தொடங்கியதும் அவர் பிரதியை விட்டுவிட்டு உங்கள் எண்ணத்தை வாசிக்க ஆரம்பித்துவிடுவார்.

இடறல்களைவிடப் பயனுள்ள ஒன்று, அவர் அறியாமலே மாற்றி வாசிக்கும் சொற்கள். நீங்கள் ‘முன்னர்’ என்று எழுதியிருக்க அவர் ‘முதல்’ என்று வாசிக்கலாம். ‘செல்ல’ என்பதைப் ‘போக’ என்று ஆக்கலாம். எல்லா மாற்றத்தையும் ஏற்க வேண்டியதில்லை, அவற்றுள் சில வெறும் பேச்சுப் பழக்கம். ஆனால் ஒரே சொல்லை இரண்டு பேர் ஒரே விதமாக மாற்றினால் அந்த இடத்தை மறுபடி எழுதிப் பார்க்கலாம். திருத்தியபின் அந்த வசனத்தை மட்டும் வாசித்து நிறுத்திவிடாமல், அதற்கு முந்திய பந்தியின் தொடக்கத்திலிருந்து வாசித்து வாருங்கள். புதிய வசனத்தின் முதற்சொல் பழைய வசனத்தின் கடைசிச் சொல்லோடு மோதுகிறதா என்பது அப்படி வாசித்தால்தான் தெரியும்.